முடிவுரை என்றால் முன்னுரையின் போட்டோக்கொப்பி இல்லை

கீழே உள்ள பந்தியை நீங்கள் எங்கேயோ வாசித்திருப்பீர்கள். ஒருவேளை நீங்களே எழுதியும் இருப்பீர்கள்.

"சந்தைப்படுத்தல் என்பது இன்றைய வியாபார உலகில் மிக முக்கியமான ஒன்றாகும். பிலிப் கொட்லர் போன்ற அறிஞர்கள் இதனைப் பலவாறு வரைவிலக்கணப்படுத்தியுள்ளனர். இலங்கையின் புகழ்பெற்ற தேயிலை பிராண்டான டில்மா, சந்தைப்படுத்தற் கலவையின் நான்கு கூறுகளையும் சிறப்பாகப் பயன்படுத்தி வெற்றி கண்டுள்ளது. இக்கட்டுரையில் பொருள், விலை, இடம், மேம்படுத்தல் ஆகியன பற்றி ஆராயப்படும்."

இதிலே ஒரு வசனம்கூடப் பிழை இல்லை. ஆனாலும் கேள்வி என்ன என்று இதை வாசித்துக் கண்டுபிடிக்க முடியாது. டில்மா என்ற சொல்லை எடுத்துவிட்டு ஒரு பிஸ்கட் கம்பனியின் பெயரைப் போட்டுப் பாருங்கள், அப்படியே பொருந்தும். சவர்க்காரக் கம்பனியைப் போட்டாலும் பொருந்தும். எல்லாக் கட்டுரைக்கும் பொருந்துகிற முன்னுரை எந்தக் கட்டுரைக்கும் முன்னுரை இல்லை.

கிருலப்பனையில் நாங்கள் ஆளுக்காள் அசைன்மென்ட் வாசித்துத் திருத்திக் கொள்கிறோம். சிலர் பட்டப்படிப்பு, சிலர் தொழில்சார் சந்தைப்படுத்தல் டிப்ளோமா. கனபேர் ஏ.எல். வரைக்கும் தமிழில் வணிகக்கல்வி படித்துவிட்டு, இப்ப ஆங்கிலத்தில் எழுத வேண்டியவர்கள். மொழியைப் பற்றித்தான் எல்லாரும் கவலைப்படுகிறார்கள். ஆனால் நாங்கள் திரும்பத் திரும்பக் காண்கிற பிழை மொழியில் இல்லை. உடலில் நல்ல விஷயம் இருக்கும், முதல் பந்தியும் கடைசிப் பந்தியும் அதையே பட்டியலாகச் சொல்லிக்கொண்டு நிற்கும். இதைப் பற்றி எங்களுக்கு ஒரு உறுதியான கருத்து இருக்கு: முன்னுரையின் வேலை புள்ளிகளை அறிவிப்பது இல்லை, முடிவுரையின் வேலை அவற்றை எண்ணிப் பார்ப்பதும் இல்லை. முன்னுரை ஒரு கேள்வியை ஏன் கேட்க வேண்டியிருக்கு என்று காட்ட வேண்டும். அந்தக் கேள்விக்கு விடை கிடைத்த பிறகு என்ன மாறுகிறது என்று முடிவுரை சொல்ல வேண்டும்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? "என்ன சொல்லப் போறீங்க எண்டு சொல்லுங்க, பிறகு அதைச் சொல்லுங்க, கடைசியில் என்ன சொன்னீங்க எண்டு சொல்லுங்க" என்ற சூத்திரத்தை நாங்கள் எல்லாரும் கேட்டிருக்கிறோம். மேடைப் பேச்சுக்கும் பிரசன்டேசனுக்கும் அது நல்ல சூத்திரம். கேட்கிறவரால் பின்னால் போய் மறுபடி கேட்க முடியாது, அதனால் திருப்பிச் சொல்வது அவருக்கு உதவி. கட்டுரை வாசிக்கிறவருடைய கையில் தாள் இருக்கிறது. ஒரு நிமிசத்துக்கு முன்னம் வாசித்ததைத் திரும்பச் சொன்னால், புதுசாகச் சொல்ல ஒன்றும் இல்லை என்றுதான் அவருக்கு விளங்கும்.

பரீட்சைப் பழக்கமும் ஒரு காரணம். விடையில் புள்ளிக்குப் புள்ளி மார்க்ஸ் கிடைக்கும் என்று பழகிய கைக்கு, முன்னுரையும் முடிவுரையும் மார்க்ஸ் இல்லாத அலங்காரமாகத் தெரியும். ஆனால் "மதிப்பிடுக", "விமர்சன ரீதியாக ஆராய்க" என்று வருகிற கேள்வி புள்ளிகளைக் கேட்கவில்லை, ஒரு தீர்ப்பைக் கேட்கிறது. தீர்ப்புக்கு இடம் முதல் பந்தியிலும் கடைசிப் பந்தியிலும்தான் இருக்கு.

சரி, ஒரு கேள்வியை எடுத்துச் செய்து பார்ப்போம். "ஒரு தேயிலை பிராண்ட் உலகச் சந்தையில் தனித்து நிற்பதற்குக் காரணம் அதன் தரமா, அதன் கதையா? டில்மாவை உதாரணமாகக் கொண்டு மதிப்பிடுக." கட்டுரை 2,000 சொற்கள் என்று வைப்போம். அப்படியென்றால் முன்னுரைக்கு 150 முதல் 200 சொல், முடிவுரைக்கும் அவ்வளவுதான்.

எழுதத் தொடங்க முன்னம் கையில் இருக்கிற விஷயத்தைப் பார்ப்போம். கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. இலங்கைத் தேயிலையின் பெரும்பகுதி நெடுங்காலமாக மொத்தமாகத்தான் கப்பலேறியது. வெளிநாட்டில் அதை வேறு நாட்டுத் தேயிலைகளோடு கலந்து, வேறு கம்பனிகள் தங்கள் பெயரில் விற்றார்கள். லண்டனில் தேயிலை சுவைபார்ப்பதில் பயிற்சி பெற்ற மெரில் ஜே. பெர்னாண்டோ, 1980களில் டில்மாவை ஆஸ்திரேலியாவில் அறிமுகப்படுத்தினார். பெயர் அவருடைய மகன்மார் டில்ஹான், மலிக் இருவரின் பெயர்களிலிருந்து வந்தது. கலப்பில்லாத இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதி செய்தது என்பதுதான் வாக்குறுதி. தொலைக்காட்சி விளம்பரத்தில் நடிகரைப் போடவில்லை, தானே வந்து குடித்துப் பாருங்கள் என்று அழைத்தார். 2023 ஜூலையில் அவர் காலமானார். இன்னொரு விஷயமும் கையில் இருக்கு: இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை. முழுக்க இலங்கைத் தேயிலையாக இருந்து, இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டால், வேறு கம்பனிகளும் அதை உரிய அனுமதியோடு பயன்படுத்தலாம்.

இந்தத் தகவல்களை நாலு பெட்டிக்குள் போட்டு நிரப்பினால் பழைய கட்டுரைதான் வரும். அதற்குப் பதிலாக முதலில் ஒரு வேலை வசனம் எழுதுங்கள். இது ஆசிரியருக்கு இல்லை, உங்களுக்கு. அதன் அமைப்பு இதுதான்: "இப்படித் தோன்றுகிறது, ஆனால் உண்மையில் இப்படி, ஏனென்றால் இது." எங்கள் கேள்விக்கு: "தரம்தான் காரணம் என்று தோன்றுகிறது, ஆனால் தரம் மட்டும் போதவில்லை, ஏனென்றால் அதே நாட்டின் நல்ல தேயிலை பெயரில்லாமல் நூறு வருசமாக விற்கப்பட்டிருக்கிறது." இதில் "ஏனென்றால்" வராவிட்டால் உங்களிடம் வாதம் இன்னும் இல்லை, தலைப்பு மட்டும்தான் இருக்கு என்று அர்த்தம். அப்ப முன்னுரை எழுதப் போக வேண்டாம், குறிப்புகளுக்குத் திரும்புங்கள்.

இப்ப முன்னுரை இப்படி வரலாம்:

"இலங்கைத் தேயிலையின் பெரும்பகுதி நெடுங்காலம் மொத்தமாக ஏற்றுமதியாகி, வெளிநாட்டில் கலக்கப்பட்டு, பிறர் பெயரில் விற்கப்பட்டது. தரம் மட்டுமே ஒரு பிராண்டை உருவாக்கும் என்றால், அந்தத் தேயிலை டில்மாவுக்கு வெகு முன்பே தன் சொந்தப் பெயரில் உலகக் கடைகளில் இடம்பிடித்திருக்க வேண்டும். எனவே டில்மாவைப் பற்றிக் கேட்க வேண்டியது, தேயிலை நல்லதா என்பதல்ல; நல்ல தேயிலை என்பதை வாங்குபவர் எதைப் பார்த்து நம்பினார் என்பதே. தரம் தேவையான நிபந்தனையாக இருந்தாலும், அதற்கு ஒரு பொறுப்பாளியைக் காட்டிய கதையே வேறுபாட்டை உண்டாக்கியது என இக்கட்டுரை வாதிடுகிறது. இங்கு கதை என்பது விளம்பர வாசகத்தை மட்டும் குறிக்காது. பெயர், பொதி, விளம்பரத்தில் தோன்றும் முகம் ஆகியவற்றால் வாங்குபவர் சரிபார்க்கக்கூடிய வாக்குறுதியைக் குறிக்கிறது. ஆஸ்திரேலிய அறிமுகமே மைய உதாரணம். தேநீர்ச்சாலை, சுற்றுலா விடுதி போன்ற பிற்கால விரிவாக்கங்கள் இங்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை."

இதில் என்ன நடந்திருக்கு என்று பாருங்கள். முதல் வசனம் பின்னணி சொல்கிறது, ஆனால் இரண்டாம் வசனத்துக்குத் தேவையான அளவு மட்டும். கம்பனி எப்ப தொடங்கியது, எத்தனை நாட்டில் விற்கிறது என்பதெல்லாம் இங்கே வரவில்லை, ஏனென்றால் அந்த முரணைக் காட்ட அவை தேவையில்லை. இரண்டாம் வசனம் சிக்கலைக் காட்டுகிறது. மூன்றாவது, கேட்கப்பட்ட கேள்வியைக் கொஞ்சம் கூர்மையாக்குகிறது. பிறகுதான் விடை வருகிறது. விடையை ஒளித்து வைக்கத் தேவையில்லை, இது துப்பறியும் நாவல் இல்லைத்தானே. அடுத்து ஒரே ஒரு சொல்லுக்கு வரைவிலக்கணம். "சந்தைப்படுத்தல்" என்பதற்கு வரைவிலக்கணம் வேண்டாம், பேப்பர் திருத்துகிறவருக்கு அது தெரியும். "கதை" என்பதற்கு வேண்டும், ஏனென்றால் உங்கள் வாதம் அந்தச் சொல்லை என்ன அர்த்தத்தில் பாவிக்கிறீர்கள் என்பதில் தொங்குகிறது. கடைசியில் எல்லை. எதை விட்டுவிடுகிறீர்கள் என்று நீங்களே சொன்னால், "அதை ஏன் எழுதவில்லை" என்று சிவப்புப் பேனையால் ஒருவர் கேட்க இடமில்லை.

கவனியுங்கள், பொருள், விலை, இடம், மேம்படுத்தல் என்ற பட்டியல் இதில் எங்கேயும் இல்லை. ஆனாலும் உடலில் என்ன வரும் என்று ஊகிக்க முடிகிறது: முதலில் பெயரில்லாத தேயிலையின் நிலை, பிறகு வாக்குறுதியைச் சரிபார்க்க உதவிய அடையாளங்கள், பிறகு அதே அடையாளங்களை மற்றவர்களும் பாவிக்கலாமா என்ற எதிர்க்கேள்வி. வழியைக் காட்ட அறிவிப்புப் பலகை தேவைப்படவில்லை.

இனி முடிவுரை. வழக்கமானது எப்படி இருக்கும் என்று தெரியும்: "மேற்கூறியவற்றிலிருந்து, டில்மா தரமான பொருள், பொருத்தமான விலை, சிறந்த விநியோகம், கவர்ச்சியான மேம்படுத்தல் ஆகியவற்றால் வெற்றியடைந்துள்ளது என்பது தெளிவாகிறது. எதிர்காலத்திலும் மேலும் வளரும் என்பதில் ஐயமில்லை." கடைசி வசனத்தைப் பற்றி ஒரு சொல். ஐயமில்லை என்று எழுதுகிற இடத்தில்தான் பெரும்பாலும் ஆதாரமும் இருப்பதில்லை. ஒரு கம்பனி எதிர்காலத்தில் வளருமா என்று உங்கள் கட்டுரை எங்கேயும் ஆராயவில்லை. பிறகு எப்படி அது முடிவாகும்?

நாங்கள் எழுதினால் இப்படி எழுதுவோம்:

"தரமா, கதையா என்ற கேள்வி இரண்டையும் எதிரெதிரே நிறுத்துகிறது. டில்மாவின் அனுபவம் அவை அப்படிப் பிரிவதில்லை என்று காட்டுகிறது: தேயிலைக்குப் பொறுப்பானவரே அதைச் சொன்னதால்தான் கதை நம்பப்பட்டது. ஆனால் அந்தக் கதையின் இரண்டு பகுதிகளுக்கும் ஆயுள் ஒன்றல்ல. விளைந்த நாட்டிலேயே பொதி செய்தது என்பதை, சிங்க இலச்சினை பெற்ற வேறு ஏற்றுமதியாளரும் சொல்லலாம். உரிமையாளரின் முகத்தை எவரும் நகலெடுக்க முடியாது. ஆனால் அது ஒரு மனிதரின் வாழ்நாளோடு கட்டப்பட்டது. ஆகவே நிறுவுனருக்குப் பிந்திய டில்மாவின் சோதனை புதிய கதை ஒன்றைத் தேடுவதல்ல, அதே பொறுப்பை இனி யார், எப்படிக் காட்டுவது என்பதே. ஏனைய இலங்கை ஏற்றுமதியாளருக்கும் இதுவே பாடம்: பூர்வீகத்தைச் சொல்வது மட்டும் போதாது, அதற்கு யார் பொறுப்பு என்பதும் தெரிய வேண்டும். இம்முடிவு, கடைத்தட்டில் பல பிராண்ட்களை ஒப்பிட்டு வாங்கும் சந்தைக்கே உரியது. விலை ஒன்றே தீர்மானிக்கும் சந்தைக்கு இது பொருந்துமெனக் கூற இங்குள்ள ஆதாரம் போதாது."

முன்னுரையில் சொன்ன விடை இங்கே திரும்ப வருகிறது, ஆனால் அதே வடிவத்தில் வரவில்லை. முன்னுரையில் "கதையே வேறுபாட்டை உண்டாக்கியது" என்று சொன்னோம். உடலைக் கடந்து வந்த பிறகு அந்தக் கதைக்கு இரண்டு பகுதி இருக்கு, ஒன்று நகலெடுக்கக் கூடியது, மற்றது ஆயுள் குறைந்தது என்று தெரிகிறது. கட்டுரையை வாசிக்காத ஒருவரால் இந்த முடிவுரையை எழுத முடியாது. அதுதான் முக்கியம். பிறகு அதன் விளைவு வருகிறது, அதாவது ஒரு முகாமையாளர் இனி என்ன செய்ய வேண்டும் என்பது. சந்தைப்படுத்தல் கட்டுரையில் இது கட்டாயம் என்று நினைக்கிறோம், ஏனென்றால் இந்தப் பாடமே தீர்மானம் எடுப்பதைப் பற்றியது. கடைசியாக, முடிவு எவ்வளவு தூரம் செல்லும் என்ற எல்லை.

ஒரு கட்டுப்பாடும் இருக்கு. முடிவுரையில் புது விளைவு வரலாம், புது ஆதாரம் வரக்கூடாது. சிங்க இலச்சினையும் நிறுவுனரின் மறைவும் உடலில் ஏற்கனவே வந்திருக்க வேண்டும். அங்கே வராமல் கடைசிப் பந்தியில் முதல் தடவையாக வந்தால், வாசிப்பவருக்கு அதை எடைபோட நேரமே இல்லை.

இந்த இடத்தில் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் வந்த விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தேயிலையைப் பற்றித் தமிழ்ப் பிள்ளைகள் எழுதுகிற கட்டுரைகளில், கடைசிப் பந்தியில் திடீரென்று தோட்டத் தொழிலாளர்கள் வருவார்கள். "எனினும் கொழுந்து பறிக்கும் கரங்களை நாம் மறக்கலாகாது" என்ற மாதிரி ஒரு வசனம். எழுதினவரின் அம்மம்மா ஹட்டனிலோ பதுளையிலோ கொழுந்து எடுத்தவராக இருக்கலாம், அந்த வசனம் பொய் இல்லை. ஆனாலும் அது அந்த இடத்தில் ஒரு வேலையும் செய்வதில்லை. 1,800 சொல்லுக்கு அவர்களை மறந்துவிட்டு, கடைசி 20 சொல்லில் மறக்கக்கூடாது என்று சொன்னால், திருத்துகிறவர் அதைத் தலைப்புக்கு வெளியே என்று கோடு போட்டுவிடுவார். அவர் அநியாயம் செய்கிறார் என்றும் சொல்ல முடியாது.

எங்களில் சிலர், அப்படியென்றால் அதை விட்டுவிடுவோம் என்றார்கள். நாங்கள் கடைசியில் வந்து சேர்ந்த இடம் வேறு. அந்த ஆட்கள் உங்கள் கட்டுரைக்கு முக்கியம் என்றால் அவர்களை முன்னுரையில் வையுங்கள். அதற்கு அனுதாப வசனம் தேவையில்லை, வரைவிலக்கணம் போதும். "விளைந்த நாட்டில் பொதி செய்த தேயிலை" என்கிற வாக்குறுதியில் "விளைந்த இடம்" என்பது யாரைக் குறிக்கிறது? நாட்டையா, கம்பனியையா, தோட்டத்தையா, அங்கே வேலை செய்கிறவரையா? இந்தக் கேள்வியை முதல் பந்தியில் வைத்தால் உடலில் ஒரு பகுதி அதற்கு விடை தேட வேண்டி வரும்: பொதியிலும் விளம்பரத்திலும் யாருடைய பெயர் தெரிகிறது, யாருடையது தெரியவில்லை, மற்ற பிராண்ட்களில் எப்படி. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக்கப்பட்ட போராட்டம்கூட அங்கே ஆதாரமாக வரலாம், ஏனென்றால் அது ஒரு தேயிலைப் பொதியின் செலவுக் கணக்கோடு சம்பந்தப்பட்டது. அப்ப முடிவுரையில் அவர்கள் வருவது திடீர் விருந்தாளியாக இல்லை, தொடங்கின கேள்வியின் விடையாக. ஒரு சட்டகத்துக்குள் யார் நிற்கிறார்கள், யார் வெளியே என்பதை முதல் 150 சொல் தீர்மானிக்கிறது. பிறகு கடைசியில் வருத்தப்பட்டுப் பிரயோசனமில்லை.

"பரீட்சையில் இதுக்கெல்லாம் எங்க நேரம்?" என்று கேட்பவர்களுக்கு: முழுப் பந்தி வேண்டாம், இரண்டு வசனம் போதும். ஒன்று விடை, மற்றது எந்த நிபந்தனையில் அந்த விடை சரி என்பது. தாளின் மேலே ஆறு வரி விட்டுவிட்டு உடலை எழுதுங்கள், கடைசியில் வந்து அதை நிரப்புங்கள். எழுதி முடித்த பிறகுதான் நாங்கள் உண்மையில் என்ன வாதிட்டோம் என்று எங்களுக்கே தெரியவரும். அசைன்மென்டிலும் இதே வழிதான், வேலை வசனத்தை முதலில், முன்னுரையைக் கடைசியில். வழிகாட்டித் தாளில் "சுருக்கம் தருக" என்று வெளிப்படையாகக் கேட்டிருந்தால் ஒரு வசனத்தில் கொடுத்துவிட்டு மேலே போங்கள். மார்க்ஸோடு சண்டை பிடிக்கச் சொல்லவில்லை.

கொடுக்க முன்னம் மூன்று விஷயம் பாருங்கள். முன்னுரையில் பிராண்டின் பெயரை மாற்றிப் போட்டு வாசியுங்கள், இன்னும் உண்மையாக இருந்தால் திரும்ப எழுத வேண்டும். பிறகு முன்னுரையையும் முடிவுரையையும் மட்டும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உடலை வாசிக்காத ஒரு நண்பரிடம் கொடுங்கள். "இரண்டும் ஒன்றுதானே" என்று சொன்னால் முடிவுரை வேலை செய்யவில்லை. "முதலாவதில் இல்லாத இதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டால் சரி, அதற்கு விடைதான் உங்கள் உடல். கடைசியாக, முடிவுரையில் உள்ள ஒவ்வொரு பெயரையும் இலக்கத்தையும் உடலில் தேடுங்கள். கிடைக்காததை ஒன்றில் உடலுக்குக் கொண்டுபோங்கள், இல்லையென்றால் வெட்டுங்கள்.